கயிற்றில் கட்டிய மண்டபம்

கட்டடக் கலையில் சுவரை எழுப்புவது எளிது. எழும்பாத சுவரை ஊராருக்குக் காட்டுவதே கடினம். வரைபடத்தை ஏந்தி ஊர்க்கூட்டத்தில் நின்ற தோழர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உரை

ஃபிஜியின் நாடி நகருக்கு அருகே ஒரு கரும்புக் குடியிருப்பு. அங்கே எழவிருந்த சமுதாய மண்டபத்தைப் பற்றி அழகான தமிழில் பேசினேன். இளையவர்கள் புரியாமல் விழிக்கவே, ஃபிஜி இந்தியிலும் சொன்னேன். வெள்ளம் தொடாதபடி தரை மூன்றடி உயரும். சூறாவளி கூரையைப் பிடுங்காதபடி ஒவ்வொரு மரச்சட்டமும் இரும்புப் பட்டையால் தூணோடு பிணைக்கப்படும். நெரிசலில் எவரும் சிக்காதபடி கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். ஊர்ச் சங்கம் கேட்டபடியே, சமையல் பழைய தகரக் கொட்டகையில் தொடரும்.

கருத்துக் கேட்டேன். பின்வரிசைப் பெண்கள் வாய் திறக்கவில்லை. சங்கத் தலைவர் முனுசாமி எழுந்தார்: "படிச்ச பொண்ணு போட்டிருக்கு. இதுல நாம என்னத்தச் சொல்றது?"

முளைகள்

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம். மறுநாள் காலை அந்த மனையிலேயே முளையடித்துக் கயிறு கட்டி, மண்டபத்தை உண்மை அளவில் தரையில் வரைந்தேன். ஊரே உள்ளே நடந்து பார்த்தது. கல்யாணச் சமையலை நடத்தும் முத்தம்மா மட்டும் கயிற்றுக்கு வெளியே நின்றார். போன வெள்ளத்தில் ஊருக்கே கஞ்சி காய்ச்சியவர் அவர். கொட்டகை மூழ்கும்வரைதான் காய்ச்ச முடிந்தது.

"வெள்ளம் வந்தா எல்லாரும் மேல ஏறிக்குவீங்க. என் அடுப்பு மட்டும் கீழ கெடந்து நீந்துமா, பொண்ணு?"

மேடை

அடுப்பை மேலே ஏற்றினால் வேறொன்று சுருங்க வேண்டும். கட்டடத்தை நீட்டச் சங்கத்துக்கு வசதியில்லை. கூத்து மேடையை ஒட்டி அடுப்புக்கென ஓர் இடத்தைக் கயிற்றால் பிரித்தேன். பெண்கள் அங்கே அண்டாக்களைக் கொண்டுவந்து வைத்தார்கள்; மூவர் குந்தினார்கள்; நான்காமவளால் குறுக்கே நடக்க முடியவில்லை. முத்தம்மா முளையைப் பிடுங்கி, மேடைக்குள் இரண்டடி தள்ளி நட்டார்.

நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன்: காற்று தென்கிழக்கிலிருந்து வீசுவதால் அடுப்பு வடமேற்கு மூலைக்குப் போக வேண்டும், மண்டபத்துக்கும் அதற்கும் இடையே மரச்சுவர் கூடாது, கல்சுவர் வேண்டும், புகைப்போக்கியும் தனி வாசலும் வேண்டும். மேடையும் அதே பக்கம்தான். முனுசாமி பதறினார்: "இத்துனூண்டு மேடையில எப்படிம்மா கூத்து ஆடுறது?"

முத்தம்மா நிமிரவேயில்லை. "ராஜாவும் மந்திரியும் மேல நிக்கட்டும் அண்ணே, சண்டைய கீழ வந்து போடுங்க."

தீர்ப்பு

தலைவர் இசையாமல் எதுவும் நகராது. வெள்ளத்தையும் பசித்த குழந்தைகளையும் அவர்முன் வரிசையாக வைத்தேன், பாறையிடம் பேசியிருக்கலாம். கடைசியில், கூரை மழைநீர் ஒரு தொட்டியில் நிறைந்து சமையற்கூடத்துக் குழாயில் வரும் என்பதை விளக்கினேன். அவர் கண் விரிந்தது.

"அப்போ மழையில எறங்காமலே நங்கோனா வேர்ப்பொடியக் கரைச்சுக் கூடிக் குடிக்கலாமா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அடுப்பு மேலயே இருக்கட்டும்!"

பெண்களின் அடுப்பு வெள்ளத்துக்கு மேலே ஏறியது, ஆண்களின் தாகத்தைப் பிடித்துக்கொண்டுதான்.