ஜுலைகா அனுப்பிய மூன்றாவது நினைவூட்டல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார்களுக்கான சின்னச் சின்ன இரும்புப் பிடிப்பான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஜுலைகாவுக்கு ஒன்பது வருட வேலை. பதவியின் பெயர் கோஆர்டினேட்டர். செய்கிற வேலை என்னவோ கேட்டு வாங்குவது. வரைபடம் வரவில்லையா, டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லையா, சாம்பிளுக்கு ஒப்புதல் வரவில்லையா, எல்லாவற்றையும் மெயில் போட்டுக் கேட்டு வாங்க வேண்டியது அவள்தான். ஒரு நாளைக்கு முப்பது மெயிலாவது போகும்.

பூந்தமல்லியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். பி.காம். முடித்து வேலைக்கு வந்த புதிதில் ஒரு மெயில் எழுத முக்கால் மணி நேரம் ஆகும். எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய கம்பெனிகளிலிருந்து வரும் மெயில்களில் நன்றாக இருப்பதாகத் தோன்றும் வரிகளை ஒரு ஃபைலில் சேர்த்து வைத்தாள். 'ஆஸ் பெர் மை பிரீவியஸ் மெயில்.' 'நாட் ஷ்யூர் இஃப் யூ மிஸ்டு மை மெயில்.' 'ஜென்டில் ரிமைண்டர்.' 'யுவர் ப்ராம்ப்ட் ரெஸ்பான்ஸ் வில் பி அப்ரிஷியேட்டட்.' தேவைப்படும்போது எடுத்து ஒட்டினால் போதும். இலக்கணப் பிழை வராது, பெரிய இடத்து ஆள் எழுதியது போலவும் இருக்கும். முதலாளி வரதன்கூட ஒருமுறை, "ஜுலைகா இங்கிலீஷ் இப்ப எவ்ளோ ஸ்டைலா கீது பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

பிடிப்பான்களுக்குத் துத்தநாகப் பூச்சு போடும் பட்டறை சென்னீர்குப்பத்தில் இருந்தது. அங்கே சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் எத்திராஜ். பூச்சு போட்ட துண்டுகளை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, தொண்ணூற்றாறு மணி நேரம் உப்புநீரைப் புகையாக அடிப்பார்கள். நாலு நாள் கழித்துத் திறந்து பார்க்கும்போது வெள்ளைத் துரு பூக்காமல் இருந்தால் பாஸ். அந்த ரிப்போர்ட் இல்லாமல் வாடிக்கையாளர் கம்பெனி சரக்கை இறக்காது.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு லாட் சரக்கு சோதனைக்குப் போனது. எத்திராஜ் துண்டுகளைத் திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டிக்குள் வைத்தார். ஜுலைகா செவ்வாய்க்கிழமை முதல் நினைவூட்டலை அனுப்பினாள். புதன்கிழமை இரண்டாவது: 'என் மெயிலைக் கவனிக்காமல் விட்டீர்களோ தெரியவில்லை.' வியாழக்கிழமை மூன்றாவது. அதன் தலைப்பிலேயே 'ரிமைண்டர் 3' என்று எழுதி, 'முந்தைய மெயில்களில் சொன்னபடி, இன்னும் காத்திருக்கிறேன்' என்று ஆரம்பித்து, எத்திராஜின் முதலாளிக்கும் வரதனுக்கும் நகல் போட்டாள். எல்லாம் அந்த ஃபைலில் இருந்த வரிகள்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒற்றை வரியில் பதில் வந்தது. 'ரெடியானதும் அனுப்பப்படும்.' அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போன் அடித்தாள், எடுக்கவில்லை. வண்டி சாயங்காலம்வரை கம்பெனி வாசலில் நின்றது, பிறகு ஏற்றிய சரக்கை இறக்கிவிட்டார்கள்.

"நாளைக்கு நேர்லயே போய் இன்னான்னு கேட்டுட்டு வாம்மா," என்றார் வரதன். "உன் ஊட்டாண்டதானே அந்தப் பட்டறை?"

சனிக்கிழமை காலை பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். எத்திராஜை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அவள் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குள். கையில் ரப்பர் உறை, மூக்கில் முகமூடி. பெயரைச் சொன்னதும் அவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா அந்த மேடம்?"

"ரிப்போர்ட் இன்னும் வரல சார். அதான்…"

"ரிப்போர்ட் நேத்து மத்தியானமே ரெடி. அனுப்ப மனசு வரல, அவ்ளோதான்."

எத்திராஜ் உறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார். அவளுடைய மெயில்களைத் திறந்து, ஒரு விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"இதப் பாருங்க. 'மிஸ்டு மை மெயில்'னு கேட்டுக்கீறீங்க. நான் இன்னா குருடனா? 'பிரீவியஸ் மெயில்ல சொன்னபடி'ங்கறீங்க. ஒரு தபா சொன்னா புரியாதா உனக்குன்னு கேக்கற மாரி கீது. கடைசில ஒண்ணு போட்டீங்களே, எங்க ஓனருக்கும் சேத்து. அவரு எல்லார் எதிர்லயும் என்னை நிக்க வெச்சிக் கேட்டாரு. மெஷின்ல நாலு நாள் ஓடணும் மேடம். வியாழக்கிழமை நான் எங்கேர்ந்து ரிப்போர்ட் குடுக்கறது?"

"திங்கட்கிழமைதான் உள்ள வெச்சீங்கன்னு நீங்க சொல்லலியே சார்."

"நீங்க கேக்கலியே. எப்ப வெச்சேன், எப்ப எடுப்பேன்னு ஒரு மெயில்லயாச்சும் கேட்டுக்கீறீங்களா?"

அவள் மூன்றையும் மறுபடி படித்தாள். கேட்கவில்லைதான். ரிப்போர்ட் எப்போது வேண்டும், எதற்காக அவசரம் என்றும் எதிலும் எழுதவில்லை. காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன் என்பதுதான் மூன்றிலும் இருந்தது.

"சத்தியமா சொல்றேன், நான் அத மரியாதைன்னு நெனச்சுதான் எழுதினேன்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் உள்ளே போய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "டீ சாப்டுறீங்களா?" என்றும் கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில் ஆட்டோ சிக்னலில் நின்றபோது போனில் பழைய மெயில்களைத் தேடினாள். வாடிக்கையாளர் கம்பெனியில் வசந்தகுமாரி என்றொரு மேடம் இருக்கிறார். ஃபைலில் இருந்த வரிகளில் பாதி அவருடையவை. இரண்டு வருடத்து மெயில்கள் வரிசையாக வந்தன. 'முன்பே தெளிவாகக் குறிப்பிட்டபடி.' 'மீண்டும் ஒருமுறை.' 'உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.' இவை தன்னைத் திட்டி எழுதியவை என்பது ஜுலைகாவுக்கு அன்றுதான் உறைத்தது. அவற்றில் ஒன்றுக்கு அவள், 'தேங்க் யூ சோ மச் மேடம்' என்று பதில் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தாள். முகம் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்க்கிறாரோ என்று போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவர் பாசித்திடம் சொன்னாள். அவருக்குச் செருப்புக் கடை. மெயிலோடு சம்பந்தமே இல்லாதவர். கேட்டுவிட்டு, "கடைக்கு வர்றவங்ககிட்ட 'நான்தான் சொன்னேனே'ன்னு ஒரு தடவ சொல்லிப் பாரு, அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

அடுத்த லாட்டுக்கு ஜுலைகா நேர் எதிராக எழுதினாள். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும். அவசரம் ஒன்றுமில்லை. நேரம் கிடைக்கும்போது அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.' அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள். வண்டி கிளம்ப வேண்டிய நாளில் ரிப்போர்ட் வரவில்லை. போனில் கூப்பிட்டாள். எத்திராஜ் உடனே எடுத்தார்.

"இன்னா மேடம், நீங்கதானே அவசரமில்லன்னு போட்டீங்க? நான் வேற கம்பெனி துண்ட உள்ள வெச்சிட்டேனே!"

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. இந்த முறை வண்டி நின்றது மட்டுமல்ல, வசந்தகுமாரியிடமிருந்து கனமாக ஒரு மெயிலும் வந்து விழுந்தது. வரதன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தாள். நின்றுபோன சரக்கின் வண்டி அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு ரிப்போர்ட் புதன்கிழமை வேண்டும். முடியாதென்றால் எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்று பட்டது. முதலில் எழுதிய மெயில்களில் இதன் இடத்தைக் குத்தல் பிடித்திருந்தது, அடுத்ததில் மன்னிப்பு. இரண்டையும் விட்டுவிட்டு இதை மட்டும் அப்படியே எழுதினால் என்ன? தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதினாள். தலைப்பில் 'ரிமைண்டர்' என்ற சொல்லும் எண்ணும் போய், லாட் எண்ணும் 'ரிப்போர்ட், புதன் மாலைக்குள்' என்பதும் வந்தன.

'எத்திராஜ் சார், இந்த லாட்டின் உப்புநீர் சோதனை ரிப்போர்ட் புதன் மாலை ஐந்து மணிக்குள் வேண்டும். வியாழன் காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்புகிறது. ரிப்போர்ட் இல்லாமல் அங்கே இறக்க மாட்டார்கள். துண்டுகளை எப்போது உள்ளே வைப்பீர்கள் என்று சொல்லுங்கள். புதன் முடியாதென்றால், எந்த நாள் முடியும் என்று திங்களுக்குள் தெரிவியுங்கள், வண்டியை மாற்றிக்கொள்கிறேன்.'

முந்தைய மெயில் என்ற பேச்சே இல்லை. தேவைப்பட்டால் பழையது கீழேயே இருக்கிறது, அவரே பார்த்துக்கொள்வார். நகல் யாருக்கும் போகவில்லை. திரும்பத் திரும்பப் படித்தாள். மொட்டையாக இருப்பது போலத்தான் இருந்தது. மரியாதை குறைகிறதோ என்று பயந்து கடைசியில் ஒரு 'நன்றி' மட்டும் சேர்த்து அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'சனி மதியம் வைக்கிறேன். புதன் மதியம் எடுத்து, நாலு மணிக்கு அனுப்புகிறேன்.' புதன்கிழமை நாலேகாலுக்கு ரிப்போர்ட் வந்தது.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை எத்திராஜிடமிருந்து அவராகவே ஒரு மெயில் வந்தது. பெட்டியின் சூடேற்றி பழுதாகி அன்று காலைதான் சரியாயிற்றாம், ரிப்போர்ட் வெள்ளிக்கு முன்னால் வர வழியில்லையாம். அவர் இப்படி முந்திக்கொண்டு சொன்னது அதுவே முதல் தடவை. ஜுலைகா வரதனிடம் ஓடினாள். எத்திராஜுக்கு எழுதிய பதிலில் அவரையும் நகலில் சேர்க்க வேண்டியிருந்தது. 'வண்டி எந்த நாள் என்பதை வரதன் சார்தான் முடிவு செய்ய வேண்டும், அதனால் அவரைச் சேர்த்திருக்கிறேன்' என்று மெயிலிலேயே காரணத்தை எழுதினாள்.

பிறகு வசந்தகுமாரிக்கு எழுதினாள். என்ன பழுது, எந்த நாள் சரக்கு வரும், அதற்குள் உங்களிடம் இருப்பு போதுமா என்று கேட்டாள். பதில் வழக்கம்போலவே வந்தது. 'முன்பே பலமுறை தெரிவித்தபடி, தாமதங்கள் ஏற்கத்தக்கவையல்ல. அடுத்த செவ்வாய்வரைதான் இருப்பு உள்ளது. தயவுசெய்து கவனத்தில் கொள்ளவும்.'

சூடாக நாலு வரி ஜுலைகாவின் மனதில் தயாராக இருந்தது. ஆனால் அந்த மெயிலில் உபயோகமான விஷயம் ஒன்றுதான்: செவ்வாய். அதற்கு மட்டும் பதில் எழுதினாள். 'செவ்வாய்வரை இருப்பு என்பதைக் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை சரக்கு உங்கள் வாசலில் இருக்கும். வண்டி கிளம்பியதும் அதன் எண்ணை அனுப்புகிறேன்.'

"அந்தம்மா அப்டி எழுதிக்கீது, நீ ஒண்ணும் கேக்கலியா?" என்றார் வரதன், திரையை எட்டிப் பார்த்து.

"கேட்டா சரக்கு சீக்கிரம் போவுமா சார்?"

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு வண்டி போய் நின்றது, இறக்கிக்கொண்டார்கள். வசந்தகுமாரி ஒற்றைச் சொல்லில் 'ரிசீவ்டு' என்று போட்டார். அவர் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார். ஜுலைகா அவற்றைத் தேதிக்காகவும் எண்ணுக்காகவும் மட்டும் படிக்கப் பழகிக்கொண்டாள். சில நாள் படித்ததும் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பதில் போடுவாள்.