நிலையானது என்று எழுதினேன்

தமிழ்ப்பற்றால் ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தவன் நான். மேடையில் பேசிக் கெடுப்பவர்கள் உண்டு. நான் ஜெராக்ஸ் போட்டுக் கெடுத்தேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார் வேலை எனக்கு. தமிழ் வழியில் படித்து வருகிற பிள்ளைகளுக்காக கம்ப்யூட்டர் மெமரி பாடத்தை நானே தமிழில் நோட்ஸாக எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஸ்டாட்டிக் ராம் என்கிற மெமரி வகைக்கு ‘நிலையான நினைவகம்’ என்றும், டைனமிக் ராமுக்கு ‘நிலையற்ற நினைவகம்’ என்றும் பெயர் வைத்தேன். வைத்த அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இந்த வருஷம் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. கல்லூரி சார்பில் நானும் இன்டர்வியூ அறையில் உட்கார்ந்திருந்தேன். நரிக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மாணவி உள்ளே வந்தாள். இது கிடைக்காவிட்டால் அக்கா போகிற நூல் மில்லுக்குத்தான் அவளும்.

“ரெண்டு மெமரி செல்லுக்கும் என்னம்மா வித்தியாசம்?” என்றார் கம்பெனி அதிகாரி.

அவள் திக்கவில்லை. “டைனமிக்குல ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் சார். எடம் கம்மி, ஒரே சிப்புல நெறைய அடைக்கலாம். ஆனா சார்ஜ் கசிஞ்சு போயிரும். அறுபத்திநாலு மில்லிசெகண்டுக்குள்ள எல்லா வரிசையையும் படிச்சுத் திரும்ப எழுதணும், அதான் ரெஃப்ரெஷ். ஸ்டாட்டிக்குல ஆறு டிரான்சிஸ்டர். ரெண்டு இன்வெர்ட்டர் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிட்டு நிக்கும். ரெஃப்ரெஷ் வேணாம், வேகமும் ஜாஸ்தி. எடமும் வெலையும் ஜாஸ்திங்கிறதால பிராசசர் பக்கத்துல இருக்கிற கேஷ் மெமரிக்கு மட்டும் வைக்கிறாக.”

அதிகாரி முகம் மலர்ந்தது. “கரண்டு போனா எதுல டேட்டா நிக்கும்?”

“ஸ்டாட்டிக்குல சார். அது நிலையானதுல்ல?”

இரண்டிலுமே நிற்காது. கரண்டு இருக்கும் வரைதான் அந்த இரண்டு இன்வெர்ட்டர்களின் பிடியும். இது எனக்குத் தெரியும். என் நோட்ஸுக்குத் தெரியாது.

“யாரும்மா இப்பிடிச் சொல்லிக் கொடுத்தது?”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். “நானாப் படிச்சேன் சார்.”

வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் மேசைவிரிப்பில் பூ எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு மேல்தான் எனக்கு ரோஷம் வந்தது. தப்பு என்னுடையது என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே, “அங்கயே சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே சார். இப்ப லிஸ்டு போயிருச்சு” என்றார்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் இல்லை. மில்லுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நோட்ஸில் நான் வைத்த பெயர் தப்பு, அதை எல்லாரும் அடித்துவிடுங்கள், என்னை மன்னிக்க வேண்டும் என்று நீளமாகப் பேசினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் ஆறுதல் சொன்னது: “விடுங்க சார். அத நாங்க யாருமே படிக்கல. அவ ஒருத்திதான் படிச்சா.”