இருபத்தாறுக்குக் கீழே இறங்காத ஏ.சி.

அப்பாவின் காரியத்துக்காக மயிலாப்பூர் வந்து, வீட்டில் இடமில்லாமல் ஓட்டலில் தங்கினோம். ஏ.சி.யை இருபதில் வைத்தும் அறை இருபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு வயது மகள் வியர்த்து அழுதாள். துக்கமெல்லாம் கோபமாகி, நிர்வாகத்துக்குக் காரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மேலாளர் போனில் அழைத்தார். "மேடம், பால்கனி கதவுல சென்சார் இருக்கு. லேசா திறந்திருந்தாலும் கூலிங் கட் ஆயிடும், ஃபேன் மட்டும்தான் ஓடும். கதவு மூடியிருக்கான்னு பாருங்களேன்."

திரையை விலக்கினேன். காலையில் அங்கே நின்று அழுதுவிட்டு வந்தவள், தாழ் போட மறந்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு நான்கு விரல் அகலம் நகர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் மகளின் விரல் தடங்கள். எங்கள் அறை நான்காவது மாடியில்.

கதவை மூடியதும் அறை குளிர ஆரம்பித்தது. தாழையும் போட்டுவிட்டு, மகளைத் தூக்கி இறுக அணைத்துக்கொண்டேன்.

அப்பா இருந்திருந்தால், "கதவப் பாத்தியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். இப்போது எந்த அறைக்குள் நுழைந்தாலும், பையை வைக்குமுன் நானே அதைக் கேட்டுக்கொள்கிறேன்.