ஆலோசகர் இட்ட கையெழுத்து

பைங்குளத்து ஜான்ரோஸ், வலக்கண் முழுவதும் கட்டப்பட்ட நிலையில், மருத்துவமனைப் பதிவேட்டுக்காகக் கேட்கப்பட்ட கேள்விக்குத் தாமே விடை சொன்னார்.

"தொழில்?"

"ஆலோசகர்."

அந்த ஒரு சொல் பின்னர் அவரை எவ்வளவு அலைக்கழிக்கப் போகிறது என்பதை அப்போது அவர் அறிந்திருக்கவில்லை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை அடுத்த ஐஸ் தொழிற்சாலையில் அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் கம்பிரசர் ஆபரேட்டராக இருந்தவர். அம்மோனியாவை அழுத்திக் குளிரூட்டும் அந்தப் பெரிய இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் உடல்நலத்தைச் சொல்லிவிடுவார். ஐம்பத்தெட்டு வயது நிறைந்ததும் முறைப்படி ஓய்வு பெற்றார். சேமநல நிதியும் பணிக்கொடையும் குறைவின்றி வந்தன. இரண்டு வாரம் கழித்து உரிமையாளர் டெனிஷ், முத்திரைத் தாளில் இரண்டு பக்க ஒப்பந்தத்துடன் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இனி நீங்க வேலைக்காரன் இல்ல கேட்டியளா. டெக்னிக்கல் அட்வைசர். வாரத்துல ரெண்டு நாள் வந்து பாத்தாப் போதும்."

மாதம் இருபதாயிரம் ரூபாய் கட்டணம். அதில் பத்து விழுக்காடு வரிப்பிடித்தம். முதலாளி–தொழிலாளி உறவு இல்லை. விரும்பினால் வேறிடத்திலும் பணி செய்யலாம். ஜான்ரோஸ் ஒவ்வொரு வரியையும் படித்தார். 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்ற சொற்களை மட்டும் இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். நூறு முகவரி அட்டைகள் அச்சாகி வந்தன. அவற்றுள் முதலாவதை அவர் சபைப் போதகருக்குக் கொடுத்தார்.

வருகைப்பதிவுக் கருவியிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டபோதும் அவர் வருந்தவில்லை. "அட்வைசருக்கு என்னத்துக்குக் கைரேகை?" என்று மனைவி ரத்தினபாயிடம் சிரித்தார்.

இரண்டே மாதத்தில் ஓர் ஆபரேட்டர் துபாய்க்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஆள் வைக்கப்படவில்லை. காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையிலான ஷிப்டு, யாரும் எழுதிக் கொடுக்காமலேயே, ஆலோசகரின் தலையில் வந்து விழுந்தது. கம்பிரசர் அறையில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கொரு முறை அழுத்தத்தையும், உப்புநீர்த் தொட்டியின் குளிர்நிலையையும் தாளில் குறித்து, குறித்தவர் அருகே சுருக்கொப்பம் இட வேண்டும். ஜான்ரோஸ் பழக்கத்தால் அதையும் செய்துவந்தார். அளவைக் குறித்துவிட்டு ஒப்பமிடாமல் நகர்வது அவரால் இயலாத காரியம்.

விபத்து நிகழ்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணி அளவைக் குறித்தபின், கம்பிரசரில் தேங்கிய எண்ணெயை வடிக்க வால்வைத் திருகினார். அதன் தேய்ந்திருந்த அடைப்பு வளையம் பிய்ந்தது. எண்ணெயோடு சீறிய அம்மோனியா முகத்தில் பாய்ந்தது. உடன் வேலை செய்த இளைஞன் ஆன்ஸ்லின், குழாயடிக்கு அவரை இழுத்துச் சென்று கால் மணி நேரம் கண்ணில் நீர் விட்டுக்கொண்டே இருந்தான். இடக்கண் தப்பியது. வலக்கண்ணின் கருவிழி வெண்மை பூத்துவிட்டது.

மூன்றாம் நாள் டெனிஷ் பழங்களுடன் வந்தார்.

"ஆப்பரேசன் செலவு நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. இதுல மட்டும் ஒரு கையெழுத்து."

ஜான்ரோஸ் தாமாகவே தொழிற்சாலையைப் பார்க்க வந்ததாகவும், எவரும் ஏவாமல் வால்வைத் தொட்டதாகவும் அந்தக் கடிதம் கூறியது. ரத்தினபாய் அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"பாக்க வந்தாராமா? காலத்த அஞ்சு மணிக்குச் சோத்துப் பாத்திரத்தையும் தூக்கிட்டு ஐஸ் பாக்கவா போனாரு?"

"அம்மா, அவரு எங்க ஸ்டாஃப் இல்லியே. ஆஸ்பத்திரியில அவரே அட்வைசர்னுதானே சொல்லியிருக்காரு."

டெனிஷ் போனபின் ரத்தினபாய் கணவரிடம் திரும்பினார். "நீங்க என்னத்துக்கு அப்படிச் சென்னிய?"

கடிதத்தில் ஜான்ரோஸ் கையெழுத்திடவில்லை.

கண்ணுக்கு ஈடு கேட்டு ஜான்ரோஸ் நாகர்கோவிலில் உள்ள ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குச் சென்றார். அங்கே சமூகப் பாதுகாப்பு அலுவலர் வைகுண்டராஜன் ஒப்பந்தத்தை முழுவதும் படித்தார்.

"காப்பீட்டு எண் இருக்கா?"

"ரிட்டையர்டு ஆவதுக்கு முன்ன உள்ளதுதான். பொறவு யாரும் பணம் கட்டல்ல."

"கட்டாதது முதலாளியோட தப்பு. அதனால தொழிலாளியோட உரிமை போயிடாது. அறுபது வயசு தாண்டினாலும் தடை இல்ல. மாசச் சம்பளம் இருபத்தோராயிரத்துக்குள்ள இருக்கணும், அதுவும் இருக்கு. கேள்வி ஒண்ணுதான்: நீங்க தொழிலாளியா, இல்லியா?"

"தாள்ல ஆலோசகர்னுதானே இருக்கு சார்."

"தாள்ல என்ன பேர் போட்டிருக்குங்கறது முடிவு இல்ல. யாரு சொல்லி, யாரு நேரத்துல, யாரு மேற்பார்வையில வேல பாத்திய? அதுக்கு ஆதாரம் வேணும்."

அடுத்த வாரம் வைகுண்டராஜன் தொழிற்சாலைக்கு வந்தார். ஜான்ரோஸும் வரவழைக்கப்பட்டார். ஊதியப் பதிவேடு, வருகைப்பதிவேடு, கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் டெனிஷ் மேசைமேல் அடுக்கினார். பதினான்கு பெயர்களில் ஜான்ரோஸின் பெயர் எங்கும் இல்லை.

"கம்பிரசர் ரூம்ல ரீடிங் எழுதுத தாள் உண்டுமே" என்றார் ஜான்ரோஸ்.

"அது மெஷின் கணக்கு சார். ஆள் கணக்கு இல்ல" என்றார் டெனிஷ்.

"மெஷின் கணக்கையும் பாக்கலாமே" என்றார் அலுவலர்.

வாயிலில் நின்ற ஆன்ஸ்லினை டெனிஷ் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அவனுக்கு விளங்காமலில்லை. வீட்டில் கைக்குழந்தை, அண்மையில்தான் அவன் வேலை நிலையாயிருந்தது. இருந்தும் உள்ளே சென்று, ஆணியில் தொங்கிய தாள்கட்டை எடுத்துவந்து, எவரையும் நோக்காமல் மேசைமேல் வைத்தான்.

இரண்டே கால் ஆண்டுத் தாள்கள். ஆறு மணி முதல் இரண்டு மணி வரை, ஞாயிறு நீங்கலாக, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் 'ஜா.ரோ.' என்ற சுருக்கொப்பம். விபத்து நாளின் தாளில் அது ஒன்பது மணியோடு நின்றிருந்தது. பத்து மணிக் கட்டம் வெறுமையாக இருந்தது. பதினொன்று முதல் ஆன்ஸ்லினுடையது.

சபையில் பேத்தியின் திடப்படுத்தல் ஆராதனைக்காக ஜான்ரோஸ் விடுப்புக் கேட்டதும், 'லீவு இல்ல அண்ணாச்சி, ஆள் கெடையாது' என்று டெனிஷ் மறுத்ததும் ஜான்ரோஸின் கைப்பேசியில் குறுஞ்செய்திகளாக இருந்தன. வைகுண்டராஜன் அதையும் படியெடுத்துக்கொண்டார். பிறகு நேராகக் கேட்டார்.

"பெரியவரே, நீங்களே சொல்லுங்க. அண்ணைக்கு ஆலோசனை சொல்ல வந்தியளா, வேல செய்ய வந்தியளா?"

அறையில் கூடியிருந்த தொழிலாளர் பலர் ஜான்ரோஸிடமிருந்து முகவரி அட்டை பெற்றவர்கள். அவர் ஒற்றைக் கண்ணால் அவர்களைப் பார்த்தார்.

"எங்கிட்ட இதுவர யாரும் ஒரு ஆலோசனையும் கேட்டதில்ல சார். ஷிப்டு பாத்தேன். அம்புட்டுதான்."

மூன்று மாதம் கழித்து ஆணை வந்தது. மீண்டும் பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் தொழிலாளியே. அந்த நாள் தொட்டுப் பங்களிப்புத் தொகையை நிறுவனம் செலுத்த வேண்டும். கண்ணின் இழப்பு எத்தனை விழுக்காடு என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும். அதற்குள் ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தது. டெனிஷ் அதைப் புதுப்பிக்கவில்லை. ஆணையை எதிர்த்துக் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போகப் போவதாகச் செய்தி வந்தது. ஆன்ஸ்லின் கம்பிரசர் அறையிலிருந்து ஐஸ் உடைக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டான். ஜான்ரோஸ் கைப்பேசியில் இரண்டு முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை.

மருத்துவக் குழுவின் முன் செல்வதற்கான படிவத்தை ரத்தினபாய் வாசிக்க, ஜான்ரோஸ் நிரப்பினார். இடக்கண் மட்டும் உதவியதால் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின.

"அடுத்து, தொழில்" என்றார் ரத்தினபாய்.

அவர் பேனாவை எடுத்தார்; வைத்தார்; மீண்டும் எடுத்தார்.

"கம்பிரசர் ஆபரேட்டர்னு எழுதுங்கோ. இனி வேற ஒண்ணும் பறஞ்சிராதேங்கோ."

"இப்ப அந்த வேலயும் இல்லியே ரத்தினம்."

"கண்ணு போனப்ப இருந்துதுல்லா?"

அவர் எழுதினார். எழுதி முடித்ததும், கேட்கப்படாத இடத்தில், ஓரமாக 'ஜா.ரோ.' என்று ஒப்பமிட்டுவிட்டார்.