குழந்தைப் படத்துக்குக் கீழே இரண்டு வரி

தத்து ஆணை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தபாலில் கைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. அதற்குச் சில மாதங்கள் முன்பே குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் ஆணை வரும்வரை படம் எதையும் எங்கும் போட வேண்டாம் என்று தத்து மையத்தில் இருந்த சமூகப் பணியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஆணை வந்த பிறகும் எந்த ஊரு, எப்படி வந்துச்சுன்னு எழுதாதீங்க. அது குழந்தையோட சொந்த விஷயம்" என்றும் சொன்னார். நானும் என் கணவரும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஊத்துக்குளிப் பக்கம் நாலு மாடு வைத்திருக்கும் நங்கையாவுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, அந்தக் காத்திருப்பு பெரும்பாடாகிவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லாத வருடங்களில் விசேஷ வீடுகளில் யாராவது என்னைக் கேள்வி கேட்க வாயெடுத்தால், நடுவில் புகுந்து பேச்சை மாற்றுகிறவர் அவர்தான். அதனால் ஆணை வந்ததும் முதலில் அவருக்குத்தான் ஒரு படம் அனுப்பினேன். மதியத் தூக்கத்தில், ஒரு கை தலைக்கு மேல், வாய் லேசாகத் திறந்திருக்கும் படம். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

குழந்தைகள் பனியன் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. திங்கட்கிழமை மதியம், சாம்பிள் அறையில் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போனைத் திறந்தேன். நங்கையாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் படம் இருந்தது. அடியில் இப்படி எழுதியிருந்தார்: எங்கள் தம்பி வீட்டுக்குக் கடவுள் கொடுத்த செல்வம். அதற்குக் கீழே குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எந்த ஊர் மையத்திலிருந்து வந்தது, எத்தனை மாதத்தில் வந்தது, எல்லாம். கடைசியில் கும்பிடும் கைகள் ஆறு.

கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அளவு டேப்பை அப்படியே போட்டுவிட்டேன். படிக்கட்டுப் பக்கம் போய்க் கூப்பிட்டேன்.

"நங்கையா, அந்த ஸ்டேட்டஸ கொஞ்சம் எடுத்துருங்க."

"ஏன் கண்ணு, படம் நல்லாத்தான இருக்குது?"

"படம் நல்லாருக்குதுங்க. எழுதினதுதானுங்க வேண்டாம். அத யாரெல்லாம் பாப்பாங்க, சொல்லுங்க."

அவர் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். பால் சொசைட்டிக்காரர்கள், மாட்டு டாக்டர், தவிட்டுக் கடை, காஸ் கொண்டுவருகிறவர். சொல்லச் சொல்ல அவர் குரலே இறங்கிவிட்டது. "நான் சந்தோசத்துல போட்டுட்டன் கண்ணு" என்றார். ஐந்து நிமிடத்தில் ஸ்டேட்டஸ் காணாமல் போனது. அவர் அழுதிருப்பார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அளவுப் பட்டியலில் இரண்டு இடத்தில் தப்பாக எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் ஏறி வந்தார். வெண்ணெய் டப்பாவைக் கொடுத்துவிட்டு, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, போனை என் கையில் வைத்தார்.

"என்ன எழுதோணும்னு நீயே எழுதிக் குடு. நான் ஒரு எழுத்துக்கூடச் சேக்க மாட்டன்."

நான் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் என் தப்பு தெரிந்தது. தலையணைக்குப் பக்கத்தில் தடுப்பூசி அட்டை கிடந்தது. பெயரும் பிறந்த தேதியும் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தன. அவசரத்தில் அனுப்பியது நான்தான். நங்கையாவிடம் காட்டினேன். "அட, இத நானும் பாக்கல" என்றார், கொஞ்சம் ஆறுதலாக. அட்டை வராதபடி படத்தை வெட்டினோம். முகத்தில் பாதியும், தலைக்கு மேல் மடங்கிய கையும் மட்டும் மிஞ்சின. அதுவே இன்னும் அழகாக இருந்தது.

பிறகு வரிகள். 'எங்கள் வீட்டுக் குட்டி' என்று போட்டால் இளவரசனா இளவரசியா என்று யாராவது கேட்பார்கள். அதையும் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. 'பத்து மாதக் கனவு' என்றார் என் கணவர். அது பொய். நாங்கள் தத்தெடுத்ததை ஒளிக்கவில்லை. நெருங்கியவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களுக்கு முன்னால் பொய் எழுதினால், மறைக்க வேண்டிய விஷயம் போல ஆகிவிடும். 'கடவுள் தந்த பரிசு' நங்கையாவுக்குப் பிடித்தது.

"பரிசுன்னா யாரோ குடுத்ததுன்னுதானுங்க அர்த்தம். பதினஞ்சு வருசம் கழிச்சுக் குழந்த இதப் படிச்சா, யார் குடுத்தாங்கன்னுதான் கேக்கும்" என்றேன்.

"அப்பப் படிக்குமா இத?"

"படிக்குமுங்க. ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல போனாலும் யாராச்சும் எடுத்து வச்சிருப்பாங்க. அது கூச்சப்படாத மாதிரி எழுதினாப் போதும். புதுசா ஒரு விசயத்த இதுல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது."

அவர் கை தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே இருந்தது.

என் கணவர் 'வந்தாச்சு' என்று ஒற்றைச் சொல் போடலாம் என்றார். எங்கிருந்து என்று கேட்பார்கள் என்றேன். எதைச் சொன்னாலும் குற்றம் கண்டுபிடிக்கிறாய் என்று அவர் குரலை உயர்த்த, நானும் உயர்த்தினேன். நங்கையா எங்கள் இருவரையும் பார்த்து, "மெதுவாப் பேசுங்க. ஊட்ல ஒருத்தரு தூங்கறாங்கல்ல" என்றார்.

அதையே எழுதினோம்.

*மெதுவாப் பேசுங்க.*
*எங்க ஊட்ல ஒருத்தரு தூங்கறாங்க.*

பெயர் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை. ஆணா பெண்ணா என்பதும் இல்லை. அவர் பேசுகிற மாதிரியே இருந்தது. ஸ்டேட்டஸ் யாருக்குத் தெரியலாம் என்கிற இடத்தில் சொந்தக்காரர்களை மட்டும் தேர்ந்தெடுக்கக் காட்டிக்கொடுத்தேன். மாட்டு டாக்டரை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன் என்றார். டாக்டர் நல்ல மனுசன் என்பதால் நானும் சரி என்றேன்.

பதில்கள் வரத் தொடங்கின. இதயங்கள், 'யாருங்க அது' என்ற கேள்விகள். கூடவே கணியூரிலிருந்து நங்கையாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அனுப்பியிருந்தான்: முன்னாடி போட்டது இன்னும் நல்லா இருந்துச்சுக்கா, ஃபோட்டோ புடிச்சு வச்சிருக்கேன், இப்பத்தான் நம்ம குரூப்ல போட்டேன்.

பெயரும் தேதியும் ஊரும் இருந்த பழைய ஸ்டேட்டஸ்தான் அது. எங்கள் சொந்தக்கார குரூப்பில் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் இருந்தது. என் முகம் மாறியதை நங்கையா பார்த்திருப்பார். போனை வாங்கி அவரே அவனைக் கூப்பிட்டார்.

"சாமி, குரூப்ல போட்டத இப்பவே எடுத்துரு. உன் போன்ல மட்டுமில்ல, எல்லாருக்கும் அழியற மாதிரி. வச்சிருக்கறதயும் அழிச்சுரு."

அவன் ஏதோ கேட்டான். நங்கையா தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா ஒண்ணுமில்ல சாமி. அது எங்கிருந்து வந்துச்சுங்கறது அதோட பேச்சு. பெருசாகி அதுவாச் சொல்லோணும்னா சொல்லட்டும். நான் முந்திக்கிட்டன். தப்பு எம்மேலதான்."

என்னிடம் அந்த வாரம் முழுக்க அவர் மன்னிப்பு என்று ஒன்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவனிடம் அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சமையலறைக்குப் போய் வெண்ணெய் டப்பாவை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

குரூப்பில் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற சாம்பல் வரி வந்ததும் மூவரும் பார்த்துக்கொண்டோம். அதற்குள் நான்கைந்து பேர் பார்த்திருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார் என் கணவர். உண்மைதான். 'யாருங்க அது' என்று கேட்டவர்களுக்கு மட்டும் நங்கையா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தானே குரல் பதிவு அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே பதில்.

"எங்க குழந்தைதானுங்க."