பேப்பரைத் தள்ளிய விரல்

செங்கல்பட்டு–மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினால் இன்றும் அந்த ஜன்னலோர சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். ஒருநாள் மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு அக்கா அதில் உட்கார்ந்து, "இன்னா எழுதுற?" என்று கேட்டார். என் குறும்படக் கதையை வாசித்தேன். என் முகத்தை மறைத்த பேப்பரை அவர் விரலால் கீழே தள்ளிக்கொண்டே இருந்தார். என் கூச்சத்தைப் போக்குகிறார் என்று நினைத்தேன்.

கதையில் ஒரு அம்மா தினமும் வெளியூர் மகனோடு போனில் பேசுவாள். அந்த போன் எப்போதோ செத்துப்போனது என்பது கடைசியில்தான் தெரியும்.

"திடீர்னு சொன்னா ஏமாத்துற மாதிரி கீதுப்பா. முன்னாடியே சார்ஜரைப் பக்கத்து வூட்டுக்குக் குடுத்துடட்டும். நல்ல மனசுன்னு நெனப்பாங்க. கடைசிலதான் அது இன்னாத்துக்குன்னு புரியணும்."

பூஞ்சேரியில் இறங்கி நடந்தார். "தேங்க்ஸ்க்கா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் திரும்பவில்லை.

வழியெல்லாம் என் உதட்டைத்தான் அவர் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்.