இந்த போனில் மட்டும்

கம்பெனி எங்கள் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி போன் கொடுத்தது. ஆறில் என்னுடையதில் மட்டும் போட்டோ போகவில்லை.

வேலை இதுதான். குறுவை நெல்லுக்கு மோட்டார் தண்ணீர் பாய்ச்சும் வயல்களில் துளை போட்ட குழாய் ஒன்றைச் சேற்றில் பதித்திருப்பார்கள். தண்ணீரை எந்நேரமும் கட்டி வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் கம்பெனி வயல்காரருக்கு ஊக்கத்தொகை தரும். காய்ந்ததா இல்லையா என்று குழாய்க்குள் பார்த்தால் தெரியும். அளவுகோலை உள்ளே விட்டு, தண்ணீர் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று கம்பெனி ஆப்பில் போட்டோ எடுக்க வேண்டும். வயலில் நின்றால்தான் ஆப் எடுக்கவிடும். வேறு கேமராவில் எடுத்ததை வாங்காது. நான் எட்டாவது வரை படித்தவள். அதற்கு இது போதும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

கொஞ்ச நாள் சரியாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் சிவப்பில் ஒரு வரி வந்தது. பதிவேற்றம் தோல்வி, மீண்டும் முயற்சிக்கவும். முயற்சித்தேன். அதே வரி. அளவு எழுதினால் எழுத்து போகிறது. போட்டோ மட்டும் போன்லேயே நிற்கிறது. மேலே ஒரு வட்டத்தில் எத்தனை நிற்கிறது என்று காட்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனது.

எங்களுக்கு மேலே ஒரு சார். தஞ்சாவூரிலிருந்து பைக்கில் வருவார். சின்ன வயசு. அவரிடம் சொன்னேன்.

"நெட் இல்லியாக்கா?"

"இருக்கு சார். வாட்ஸ்அப்புல போட்டோ போவுது."

"வாட்ஸ்அப்புல போவுது, இதுல போவலியா?"

"ஆமா."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாக்குறேன்" என்றார். பார்க்கவில்லை.

அந்த வாரம் ஒரு வயல்காரர் வழியில் என்னை நிறுத்தினார். "ஏம்மா, ஒங்க சாரு நேத்து வந்து விசாரிச்சாரு. நீ வயலுக்கு வர்றியா இல்லியான்னு."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? காலைல நான் டீக்கடைல இருப்பேன், வயல்ல என்ன நடக்குதுன்னு வயலத்தான் கேக்கணும்னுட்டேன்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வந்து போவதைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். அவரும் டீக்கடையில்.

எனக்கும் சந்தேகம் வந்தது. சாருடைய ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி வேலை தேடுகிறாள் என்று கேள்வி. என்னைக் கழற்றிவிட வேண்டும் என்றால் கோளாறான போன் ஒன்றைத் தள்ளிவிட்டால் போதும்.

எங்கள் ஆறு பேரில் ஒருத்தி, பக்கத்து ஊரில் இதே வேலை பார்க்கும் அக்கா உண்டு. அவளிடம் போனேன். என் சிம்மைக் கழற்றி அவள் போனில் போட்டோம். என் பெயரில் உள்ளே நுழைந்து அவள் வயல் குழாயைப் போட்டோ எடுத்தேன். உடனே போயிற்று. அவள் சிம்மை என் போனில் போட்டு அவள் பெயரில் எடுத்தாள். சிவப்பு வரி.

"போனுக்குத்தாண்டி நோவு. ஒனக்கு இல்ல."

"அவரு நம்பணுமே."

"நம்பாட்டி போறாரு. ஆப்புல உதவின்னு ஒண்ணு இருக்கு பாரு. மேல உள்ளவங்களுக்கே போட்டுடு. இவரு தலைக்கு மேல போவட்டும்."

வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. இப்படி எழுதினேன்.

'போட்டோ போகவில்லை. இந்த போனில் மட்டும் போகவில்லை. இதே சிம் வேறு போனில் போகிறது. வேறு சிம் போட்டாலும் இந்த போனில் போகவில்லை. எழுத்து போகிறது. நான் வயலுக்குப் போகிறேன்.'

கடைசி வரியை அக்கா எடுக்கச் சொன்னாள். அதை யார் கேட்டார்கள் என்றாள். நான் எடுக்கவில்லை.

உடனே பதில் வந்தது. எழுதி முடிக்குமுன் வந்த மாதிரி இருந்தது. மனுஷன் எழுதியது இல்லை. இணைப்பைச் சரிபார்க்கவும். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவவும்.

மறுநாள் சாரே வீட்டுக்கு வந்துவிட்டார். புகார் போட்டது அவருக்கும் போயிருக்கிறது. முகம் சரியில்லை.

"என்னக்கா, எங்கிட்ட சொல்லாம மேல போட்டுட்டீங்க?"

"ஒங்ககிட்டதான சார் முதல்ல சொன்னேன்."

"சரி, போனக் குடுங்க. ஆப்ப தூக்கிட்டுத் திரும்பப் போட்டுத் தரேன். ரெண்டு நிமிஷம்."

கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"தூக்கினா உள்ள நிக்கிற போட்டோ என்ன ஆவும்?"

கொஞ்சம் யோசித்தார். "அது போயிடும். புதுசா எடுத்துக்கலாம்."

"போன வாரம் காஞ்சு கெடந்த வயலு. இப்ப தண்ணி பாஞ்சு நிக்குது. போன வாரத்துத் தண்ணிய இன்னிக்கி எப்படி எடுக்கறது?"

அந்தப் போட்டோக்கள் போனால் வயல் காயவே இல்லை என்றாகும். நான் போகவே இல்லை என்றாகும். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"போன நீங்க ஏதாவது நோண்டியிருக்கீங்க. மத்த அஞ்சு போன்ல வராதது இதுல எப்படி வருது?"

"நீங்க குடுத்த போனு சார்."

பைக்கை உதைத்துப் போய்விட்டார். சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். வயலுக்குப் போகாமல் போன்மேல் பழி போடுபவர்களை மாற்ற வேண்டியிருக்கும். பெயர் போடவில்லை. ஆறு பேரில் போன்மேல் குறை சொன்னது நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் உதவியிலிருந்து மனுஷ பதில் வந்தது. சிவப்பு வரி தெரிகிற மாதிரி திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அக்கா சொல்லிக்கொடுத்தபடி பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தி எடுத்தேன். அதை வேறு வழியாக, வாட்ஸ்அப்பில், அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அனுப்பினேன். போயிற்று.

கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. 'இப்போது உங்கள் போனில் மணி என்ன?'

போட்டோ போகவில்லை என்று சொன்னால் மணி எதற்கு? எத்தனை மணிக்கு வயலுக்கு இறங்குகிறேன் என்று பிடிக்கப் பார்க்கிறார்கள். சார் சொல்லிக்கொடுத்திருப்பார். பதில் போடவில்லை. கஞ்சி குடித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். திரும்ப வந்து பார்த்தால் அதே கேள்வி இன்னொரு தரம்.

வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு மில் லீவு, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டினேன்.

"மணிதானே கேக்குறான், சொல்லித் தொலையேன்."

"எந்த மணியச் சொல்றது? நம்ம மணியா, ஊரு மணியா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் மணி இருபது நிமிஷத்துக்கு மேல் முன்னால் ஓடும். மன்னார்குடி பஸ் சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து போய்விடும். அதை விட்டால் அவருக்கு மில் வேலை அன்றைக்குக் கிடையாது. அதனால் சுவர்க் கடிகாரத்தைத் தள்ளி வைத்திருந்தார். எங்கள் தெருவில் பல வீட்டில் அப்படித்தான். சுவரில் ஒரு மணி, போனில் ஒரு மணி இருந்தால் எதை நம்புவது என்று ஒரு நாள் என் போனையும் அதற்குச் சமமாகத் திருப்பி வைத்தார். எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. அதை நான் தப்பாக நினைக்கவில்லை. யாரும் நினைக்க மாட்டார்கள்.

"அதுக்கும் போட்டோவுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றார்.

"தெரியல."

"சொல்லாத. நாமளே போன நோண்டினோம்னு ஆயிடும். அந்தாளு சொன்னது சரின்னு ஆயிடும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். மணியைச் சொன்னால் நோண்டினது தெரியும். சொல்லாவிட்டால் போட்டோ கிடந்து அழியும். போனை எடுத்து எழுதினேன். 'எங்கள் வீட்டு மணி முன்னால் ஓடும். பஸ்சுக்காக.'

பதில் உடனே வரவில்லை. வந்தபோது நீளமாக வந்தது. நான் எடுத்தனுப்பிய திரையின் மேலே இருந்த மணியும் அது அவர்களிடம் வந்து சேர்ந்த மணியும் ஒத்துப்போகவில்லை, அதனால்தான் கேட்டார்களாம். போட்டோவை வாங்குகிற இடம், அனுப்புகிற போனின் மணியையும் பார்க்குமாம். கால் மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருட்டுத்தனமாக வருவதாக நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுமாம். எழுத்து வேறு இடத்துக்குப் போவதால் அதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாட்ஸ்அப்பும் அப்படித்தான். போன் அமைப்பில் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளச் செய்யவும். செயலியை நீக்க வேண்டாம், நீக்கினால் நிற்கும் படங்கள் அழிந்துவிடும்.

கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன்.

வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு வந்தார். அமைப்பைத் தேடி அந்தப் பொத்தானை அவரே தள்ளினார். மணி பின்னால் குதித்தது. ஆப்பைத் திறந்து மீண்டும் முயற்சி என்பதை அமுக்கினேன். ஒன்று போயிற்று. பச்சை டிக். இன்னொன்று. வட்டத்திலிருந்த எண் இறங்கிக்கொண்டே வந்து காணாமல் போனது. காய்ந்த வயல் எல்லாம் போய்ச் சேர்ந்தது. படத்தில் அச்சாகியிருக்கிற மணி முன்னால் இருப்பதையும் குறித்துக்கொண்டோம் என்று எழுதினார்கள்.

அப்புறம் கேட்டார்கள். 'பிரச்சினை தீர்ந்ததா? புகாரை முடித்துவிடலாமா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். நான் எதையும் தொடவில்லை.

சாயங்காலமே சார் போன் செய்தார். குரல் மாறியிருந்தது. "அக்கா, எல்லாம் வந்துடுச்சு போல. அந்தப் புகார மூடிடுங்க. தொறந்தே கெடந்தா எனக்குத்தான் தெனம் கேள்வி வருது."

"குழுவுல போட்டீங்களே சார்."

"அது பொதுவா போட்டது."

"இதையும் பொதுவா போடுங்க. நான் வயலுக்குப் போனேன்னு."

"நீங்கதான மணிய மாத்தி வச்சீங்க?"

"அதையும் போடுங்க. ஆனா போனேன்னு போடுங்க."

வைத்துவிட்டார். போட மாட்டார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரர் மூடிவிடு, வம்பு எதற்கு என்றார். மூடவில்லை.

மறுநாள் காலை வயலில் நிற்கும்போது குழுவில் வந்தது. போன் நேரம் மாறியிருந்ததால் ஒருவருடைய படங்கள் நின்றன, அவர் வயலுக்குப் போயிருக்கிறார், படங்கள் வந்துவிட்டன. மன்னிப்பு எதுவும் இல்லை. பெயரும் இல்லை. பழி போட்டபோதும் பெயர் இல்லை. சரிதான். அக்கா ஒரு கட்டைவிரல் போட்டாள். மற்றவர்கள் பார்த்ததாகக் காட்டியது.

ஆம் என்பதை அமுக்கினேன். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. தராமல் மூடிவிட்டு அளவுகோலைக் குழாய்க்குள் விட்டேன்.